கோப்பைக்குப் பின் வாள்

பமீலா கோல்மன் ஸ்மித் தீட்டி 1909இல் வெளியான டாரட் கட்டில், ‘இரண்டு கோப்பைகள்’ சீட்டில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே கோப்பை ஏந்தி நிற்பர். அடுத்து ‘மூன்று வாள்கள்’ விழுந்தால்? அதில் மனிதரே இல்லை. மழைவானில் வாள்கள் துளைத்த நெஞ்சு மட்டும். அவ்விருவர் எங்கே போயினர் என்பதே கதை. (வரிசை மாறினால், புண்பட்ட நெஞ்சு மீண்டும் கோப்பை நீட்டும் கதை.) மூன்றாமவர் நுழைந்தார் என உடனே முடிவுகட்டுவோர் உண்டு, நாம் அவ்வளவு விரைவதில்லை. சொல்லாது மறைத்த பழைய காயமும் மூன்றாவதாக வரலாம்.

புதுக்காதலில் திளைத்திருந்த தோழி ஒருவருக்கு இவ்விரண்டும் விழுந்தபோது, இன்னொன்று எடுக்கச் சொன்னோம். ‘ஆறு வாள்கள்’: படகில் முதுகு காட்டி அமர்ந்த பெண்ணும் குழந்தையும், முன்னே ஊன்றி நிற்கும் வாள்களும்.

“வாள்களை இறக்கிவைக்காமலே கிளம்பிவிட்டாளே” என்றார் தோழி.