கவரிங் செயினில் தொடங்கிய கவுல் கழுத்து

கவுல் நெக்கைக் கண்டுபிடித்தவர் மதலேன் வியோனே என்று ஃபேஷன் வகுப்புகளில் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. துணியை இரண்டு தோளிலும் பிடித்து நடுவில் தொய்ய விட்டால் மடிப்பு மடிப்பாக விழத்தான் செய்யும். இதற்கு ஒரு கண்டுபிடிப்பாளர் எதற்கு?

வியோனே 1912இல் பாரிஸில் சொந்தக் கடை திறந்தவர். காகிதத்தில் படம் வரைந்து தொடங்காமல், சிறிய மரப் பொம்மை ஒன்றின் மேல் துணியைப் போட்டு உருவம் தேடியவர். நம்மூர் தையல்காரர்கள் கிராஸ் என்பார்களே, பாவுக்கும் ஊடைக்கும் நடுவே 45 டிகிரியில் துணியைத் திருப்பிப் போடுவது, அதையே முழு உடைக்கும் அவர் பயன்படுத்தினார். அவருடைய உடைகளை ஆராய்ந்து பெட்டி கிர்க் எழுதிய புத்தகத்தில் பேட்டர்ன்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபோது உறுத்தல் கூடியதே தவிரக் குறையவில்லை. கிராஸ் அவருடையது என்று நம்ப முடிகிறது. தொய்வும் அவருடையதா?

திருப்பூரில் பல வருடம் பேட்டர்ன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் இதைக் கொண்டுபோனேன். அவர் வியோனேவைக் கேள்விப்பட்டதில்லை, கேள்விப்படவும் விரும்பவில்லை.

“கவுலுக்குக் கிராஸே வேண்டாங்க அம்மிணி. ஜெர்சி துணியில நேராத்தான் வெட்டினோம். அழகா விழுந்துச்சு.”

“அது பின்னல் துணிங்க, தானாகவே இழுபடும். நெய்த துணியில்?”

“துணி எதுவோ இருக்கட்டும். முதல்ல எவ்வளவு தொய்வு வேணும்னு சொல்லுங்க.”

நான் எப்படிக் கேட்டாலும் அவர் அந்த ஒரு கேள்விக்கே திரும்பி வந்தார். கடைசியில் எழுந்து போய் ஒரு கவரிங் செயினை எடுத்து வந்தார். டம்மியின் இரண்டு தோள்களிலும், கழுத்து அடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, குண்டூசி குத்தினார். இரண்டுக்கும் இடைவெளி 22 செ.மீ. செயினை அவற்றில் மாட்டி, நடுப்பகுதி தோள் ஊசிகளின் மட்டத்துக்கு 12 செ.மீ. கீழே வரும்வரை தளர்த்தினார். பிறகு செயினைக் கழற்றி நீட்டி அளந்தார். 35 செ.மீ. “இதாங்க உங்க கழுத்து. பாதி பதினேழரை. மத்ததெல்லாம் துணி பார்த்துக்கும்.”

வீட்டுக்கு வந்து மெல்லிய பருத்தித் துணியில் 90 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டினேன். காடாத் துணி இதற்கு ஆகாது. விறைப்பாக நின்று மடிப்பைப் பற்றிப் பொய் சொல்லும். மூலையிலிருந்து எதிர் மூலைக்கு வண்ண நூலால் ஓட்டுத் தையல் போட்டேன். முன்பக்க நடுக்கோடு அதுதான். மேல் மூலையிலிருந்து 25 செ.மீ. தள்ளி, நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகத் துணியை உள்பக்கம் மடித்தேன். மடிப்பின் விளிம்புதான் கழுத்து. உள்ளே போன முக்கோணம் ஃபேசிங். நடுவிலிருந்து இருபுறமும் பதினேழரை செ.மீ. அளந்து, அந்தப் புள்ளிகளைத் தோள் ஊசிகளில் குத்தி, கையை எடுத்தேன். முதல் மடிப்பு விழுந்தது. தோளில் துணியைக் கொஞ்சம் தூக்கி 3 செ.மீ. ஆழத்தில் ஒரு கொசுவம் பிடித்ததும் அதன் கீழே இரண்டாவது மடிப்பு விழுந்தது. இந்த இரண்டாவது மடிப்பு எங்கே நிற்கும் என்பதைக் காகிதத்தால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. டம்மிக்கு முதலில் போவதே இதற்காகத்தான். பிறகு கைக்குழிப் பக்கமும் விலாப் பக்கமும் துணியைத் தடவிவிட்டு ஊசி குத்தி, தையல் வரிகளைப் பென்சிலால் புள்ளியிட்டேன்.

ஊசிகளைப் பிடுங்கித் துணியை மேசையில் விரித்தபோது என் கேள்வியே மாறிப்போனது. டம்மியில் அவ்வளவு வளைந்து தொங்கிய கழுத்து, மேசையில் ஸ்கேல் வைத்துப் போட்டது போன்ற நேர்கோடாகக் கிடந்தது. மடித்த விளிம்பு நேராகத்தானே இருக்கும், இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். ஆனால் கழுத்து என்றாலே வளைவாக வெட்டிப் பழகிய எனக்கு, இங்கே கழுத்து வெட்டப்படவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெட்டாத கழுத்து என்று தேடினால் தேடல் பாரிஸில் நிற்காது, ஏதென்ஸ் வந்துவிடும். எரெக்தியான் கோயிலில் கூரையைத் தலையில் தாங்கி நிற்கும் பெண் சிலைகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவர்கள் உடுத்தியிருக்கும் பெப்லோஸ், தறியிலிருந்து வந்த நீள்சதுரத் துணி. அதன் மேல் விளிம்பை மடித்து, அந்த மடிப்பைத் தோள்களில் ஊசியால் பிடித்திருப்பார்கள். நடுவில் விட்ட தொய்வு மடிப்புகளாக இறங்குகிறது. அவர்கள் வெளிப்பக்கம் மடித்தார்கள், நாம் உள்பக்கம் மடிக்கிறோம், அவ்வளவுதான். வியோனே கிரேக்க உடைகளில் ஊறியவர் என்பது தெரிந்த செய்தி. ஆக, தொய்வு அவருடையது அல்ல. கவுலுக்குக் கிராஸே வேண்டாம் என்று மாஸ்டர் சொன்னது சரி.

ஆனால் பாதிதான் சரி. அதே பருத்தித் துணியை நேர் இழையில், அதே 35 செ.மீ. அளவில் குத்திப் பார்த்தேன். பாவும் ஊடையும் இணங்கிக் கொடுக்காததால் மடிப்பு நடுவில் முனை போல ஒடிந்தது; ஓரங்கள் உடம்பை விட்டு விலகி நின்றன. பெப்லோஸின் கனத்த கம்பளி தன் எடையாலேயே இழுத்துக்கொள்ளும். மெல்லிய துணிக்கு அந்த எடை கிடையாது. அதை 45 டிகிரி திருப்பினால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கொடுக்கின்றன, மடிப்பு உருண்டு விழுகிறது. வியோனே செய்தது இந்தத் திருப்பல். எனக்கு அது போதுமான பெருமையாகவே படுகிறது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. பாவும் ஊடையும் ஒரே அளவு இழுபடுவதில்லை. அதனால் கவுல் ஒரு பக்கமாகச் சாயும். வண்ண நூல் டம்மியின் நடு நாடாவை விட்டு விலகுவதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆகவே பாதி முன்பக்கத்தை மட்டும் டிரேப் செய்வதோ, துணியை இரட்டையாக மடித்து வெட்டுவதோ இதில் நடக்காது. முழு முன்பக்கமும் ஒற்றைத் துணியாகவே இருக்க வேண்டும். காகிதத்துக்கு மாற்றும்போது மட்டும் இரு பாதியின் புள்ளிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சமன் செய்யலாம். கொசுவத்தைக் காகிதத்திலும் அதே திசையில் மடித்துவைத்துத்தான் தோள் வரியை வெட்ட வேண்டும். பிரித்துப் பார்த்தால் அந்த வரி படிக்கட்டுபோல ஏறி இறங்கும். அதை அசிங்கம் என்று நேராக்கினால் தைக்கும்போது கொசுவத்தின் உள்மடிப்பு தோள் தையலுக்குள் எட்டாது.

பேட்டர்னை மாஸ்டரிடம் கொண்டுபோனேன். தோளின் படிக்கட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இழைக் குறியில் கை வைத்தார்.

“இப்படிக் குறுக்கால போட்டா எவ்வளவு துணி வீணாகும் தெரியுங்களா? பையர் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குக் கேப்பானுங்க.”

வியோனே, துணி தயாரிப்பாளரிடம் சொல்லி வழக்கத்தைவிட அகலமான கிரேப்பைத் தனக்கென்றே நெய்து வாங்கியவர் என்றேன்.

“அந்தம்மாவுக்கு நெய்து கொடுத்தாங்க. நமக்கு எவன் கொடுக்கறான்?”

காக்கித்தாளை இழுத்து என் பேட்டர்னை நகலெடுத்தார். முக்கோணத்தின் நுனியில் ஒரு சின்ன வட்டம் போட்டு, “இங்க ஒரு வெயிட் வெச்சுத் தைங்க, இல்லாட்டி ஃபேசிங் வெளிய புரண்டுக்கும்” என்றார். நடுக்கோட்டில் இரண்டு அம்புக்குறிகள் வரைந்தார். சாய்ந்த அம்பின் அருகில் ‘கிரேப்’ என்றும், நேர் அம்பின் அருகில் ‘ஜெர்சி’ என்றும் எழுதினார். ஜெர்சி என்பதன் கீழே மட்டும் இரண்டு முறை கோடு போட்டார்.