கோட்டைத் தாண்டிய புளியங்கொட்டை

உத்திரமேரூரில் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் எங்கள் வீடு. சித்திரை வெயிலில் திண்ணை மட்டும் சில்லென்று இருக்கும். சுண்ணாம்புக்கட்டியால் தாத்தா அதில் பன்னிரண்டு கட்டம் போடுவார், கிரகங்களுக்குப் புளியங்கொட்டை. எடுத்து வைப்பது என் வேலை.

அன்று அத்தையின் ஜாதகம் திரும்பி வந்திருந்தது. துலா லக்னம், எட்டாம் இடமான ரிஷபத்தில் செவ்வாய். தோஷம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

"ராசிக் கட்டத்தை மட்டும் பாத்திருக்கான். பாவகம் போடல" என்றார் தாத்தா.

லக்னம் துலாத்தில் 4 பாகை. அதுதான் முதல் பாவத்தின் நடு. முன்னே 15, பின்னே 15. அதே கணக்கில் எட்டாம் பாவத்தின் நடு ரிஷபம் 4, முடிவு ரிஷபம் 19. ரிஷபக் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி ஒரு கோடு கிழித்தார். அத்தையின் செவ்வாய் 26 பாகை. நான் வைத்திருந்த கொட்டையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினார். கட்டம் அதேதான், ஆனால் இப்போது ஒன்பதாம் பாவம்.

"அப்ப ராசி மாறிடுச்சா தாத்தா?"

"மாறாதுடா. சுக்கிரன் வீட்லதான் குந்தியிருக்கான். ஆட்சி, பகை, அவனுக்குச் சொந்தமான ரெண்டு, ஏழு எல்லாம் ராசியை வெச்சுதான். பலன் தர்ற இடம் மட்டும் மாறும். ஏழுக்குடையவன் எட்டுல மறைஞ்சான்னு சொன்னது, பாக்கியத்துல நிக்கறான்னு ஆயிடும்."

கிருஷ்ணமூர்த்தி பத்ததிக்காரர்களிடம் போயிருந்தால் கதை வேறு என்பது பின்னாளில் தெரிந்தது. லக்னப் பாகையைப் பாவத்தின் நடுவாக வைக்காமல் ஆரம்பமாக வைப்பவர்கள் அவர்கள். அந்தக் கணக்கில் ஏறக்குறைய ரிஷபம் 4இல்தான் எட்டாம் பாவமே தொடங்குகிறது. செவ்வாய் அங்கிருந்து அசையாது. தாத்தா அதைச் சொல்லவில்லை. மகள் கல்யாணமாயிற்றே.

ஆனால் ஒன்றை மறைக்கவில்லை. லக்னம் ஒரு பாகை நகர ஏறக்குறைய நாலு நிமிஷம். ஏழு பாகை நகர்ந்தால் கோடும் 26க்கு வந்துவிடும். நோட்டில் இருந்தது சித்திரை 11, சாயங்காலம் 6 மணி. பிறந்தது அரை மணி தள்ளி என்றால் கொட்டை பழையபடி எட்டில்.

உள்ளே திரும்பி ஆயாவைக் கேட்டார். "ஏமே, கொழந்த பொறந்தப்ப வெளக்கு வெச்சாச்சா?"

முறத்தை நிறுத்தாமலே ஆயா சொன்னாள்: "எனக்கு எங்க தெரியும்? நீதான வெளக்கு ஏத்தப் போன. கொழந்த அழுவற சத்தம் கேட்டு, கையில நெருப்புப் பெட்டியோட ஓடியாந்த."

ஏற்றிவிட்டு ஓடிவந்தாரா, ஏற்றாமலா? தாத்தா கொட்டையை எடுத்துக் கோட்டின் மேலேயே வைத்தார். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.