பன்றி எப்போது போர்க் ஆனது?

ஆங்கிலத்தில் தொழுவத்தில் நிற்பது 'ஆக்ஸ்', தட்டில் வந்தால் 'பீஃப்'. 'ஷீப்' மட்டன் ஆகிறது, 'ஸ்வைன்' போர்க் ஆகிறது. இந்தப் பிரிவுக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை பிரபலமானது. 1066இல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். விலங்கை வளர்த்த குடியானவன் தன் பழைய சொல்லையே வைத்துக்கொண்டான். கறியைச் சாப்பிட்ட சீமான் தன் பிரெஞ்சுச் சொல்லால் அதை அழைத்தான்.

இந்தக் கதையைப் பரப்பியவர் வால்டர் ஸ்காட். 1819இல் வெளிவந்த 'ஐவன்ஹோ' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே வாம்பா என்ற கோமாளி, பன்றி மேய்க்கும் குர்த்துக்கு இதை விளக்குகிறான். ஆனால் கருத்து ஸ்காட்டுடையது அல்ல. முடிவிலிக் குறியைக் கணிதத்துக்குத் தந்த ஜான் வாலிஸ், 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலிலேயே இதைக் கவனித்திருக்கிறார்.

கதையில் பாதி உண்மை. பீஃப், மட்டன், போர்க் எல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்தவைதான். ஆளும் வர்க்கம் பேசிய மொழி என்பதால்தான் அவை நுழைந்தன. ஆனால் பிரெஞ்சில் அந்தப் பிரிவே இல்லை. அங்கே உயிருள்ள மாட்டுக்கும் அதன் கறிக்கும் ஒரே சொல்தான், நாம் மீன் என்பதுபோல. காலமும் இடிக்கிறது. வாம்பா பேசுவது பன்னிரண்டாம் நூற்றாண்டின் முடிவில். இந்தச் சொற்கள் ஆங்கில எழுத்தில் தென்படுவதோ 1300ஐ ஒட்டித்தான்.

சீமான்களும் விலங்கின் சொல்லையே கறிக்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அரண்மனைச் சமையலறையே சாட்சி. இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் க்யூரி'யில் ஒரு குறிப்பு இருக்கிறது. வெந்நீரில் முக்கி மயிர் நீக்கிய பன்றியை நான்காக வெட்டி, உப்புப் போட்டு வேகவைத்து ஆறவிட வேண்டும். பார்ஸ்லி, சேஜ் இலைகளை ரொட்டியோடும் அவித்த முட்டை மஞ்சள் கருவோடும் அரைத்து, வினிகரில் கெட்டியாகக் கரைத்து அதன்மேல் ஊற்ற வேண்டும். ராஜாவின் பந்திக்குப் போகும் அந்தப் பதார்த்தத்தின் பெயரில் இருப்பது போர்க் அல்ல, விலங்கையே குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'பிக்'.

மறுபக்கமும் அப்படியே. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில், பலிக்குக் கொண்டுவரும் உயிருள்ள மாடுகளுக்கு 'பீவ்ஸ்' என்று இருக்கிறது. பீஃப் என்பதன் பன்மைதான் அது. ஷேக்ஸ்பியரின் ஷைலக்கும் ஆட்டை மட்டன் என்றே குறிப்பிடுகிறான். ஆக, படையெடுப்புக்குப் பிறகு ஐந்து நூற்றாண்டுகள் கழிந்தும் இரு வகைச் சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புழங்கின. அகராதித் தொகுப்பாளர் ராபர்ட் பர்ச்ஃபீல்ட், தெளிவான பிரிவு பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அமைந்தது என்கிறார். அப்போதும் கோழி, முயல், ஆட்டுக்குட்டி ஆகியவற்றுக்குத் தனிக் கறிப்பெயர் அமையவில்லை.

ஆங்கிலேயரோடு இந்தியாவுக்கு வந்த மட்டன் இங்கே இன்னொரு விலங்குக்கும் பெயரானது. அவர்கள் ஊரில் அது செம்மறிக் கறி; நம் ஊர்க் கறிக்கடையில் மட்டன் என்று கேட்டால் வெள்ளாட்டுத் தொடையையும் வெட்டித் தருவார்கள்.