அட்டைப்பெட்டிக்குள்ள காத்துக்கும் காசு

எங்க அக்கா வீட்டுலயே தேங்காய் எண்ணெய் சோப்பு செஞ்சு விக்கிறா. ஒரு சோப்பு 100 கிராம், விலை 90 ரூபாய். மாசத்துக்கு நாப்பது ஆர்டர் வரும், பெரும்பாலும் மூணு மூணு சோப்பா. தமிழ்நாட்டுக்குள்ள கூரியர் செலவு அவளோடது. போன செமஸ்டர் லீவுல, பிராண்ட் பேர் அச்சடிச்ச பெட்டிக்கு ஒரு கொட்டேஷன் வாங்கி வச்சிருந்தா. "பெட்டியைப் பாத்துத்தான்டா மறுபடி வாங்குறாங்க. நம்ம பெட்டி மட்டும் மளிகைக் கடை பொட்டலம் மாதிரி இருக்கு"ன்னு வருத்தம். ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடி ஒருதடவை கணக்குப் பாக்கச் சொன்னா. நான் பாத்த கணக்குதான் இது. சின்ன அளவுல ஏதாவது விக்கிற நம்ம காலேஜ் மக்களுக்கும் உதவும்.

முதல்ல அச்சு. நெளி அட்டைப் பெட்டியில பேர் போடணும்னா ரெண்டு விஷயம் புதுசா செய்யணும். பெட்டி வடிவத்துல அட்டையை வெட்டுற டை ஒண்ணு, அச்சடிக்கிற பிளேட் ஒண்ணு. நிறம் கூடினா பிளேட்டும் கூடும். எங்களுக்குச் சொன்ன விலையில டை, பிளேட் ரெண்டும் சேர்த்து 5,500 ரூபாய். அதுக்கப்புறம் பெட்டி ஒண்ணுக்கு 16 ரூபாய். ஆயிரம் பெட்டி அடிச்சா 5,500 ரூபாய் ஆயிரமா பிரிஞ்சு, பெட்டி 21.50 ரூபாய் ஆகும். நூறுதான் வேணும்னா அதே 5,500 நூறா பிரியும், பெட்டி 71 ரூபாய். அட்டை, மை, மிஷின் எல்லாம் ஒண்ணுதான். எத்தனை பேர் அந்த ஆரம்பச் செலவைப் பங்கு போட்டுக்குறாங்கங்கிறதுதான் வித்தியாசம்.

அப்போ ஆயிரமே வாங்கிடலாமே? மாசம் நாப்பது ஆர்டர்னா ஆயிரம் பெட்டி தீர 25 மாசம் ஆகும். அதுவரைக்கும் 21,500 ரூபாய் பரண்ல தூங்கும். சும்மாவும் தூங்காது. அட்டை ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில ரெண்டு தடவை நனைஞ்ச காத்துல கிடந்தா விறைப்பு போயிடும். மூலையை விரலால அழுத்திப் பாத்தா தெரியும், 'டக்'னு எதிர்த்து நிக்காம மெதுவா உள்ள போகும். நடுவுல போன் நம்பரோ விலையோ மாறினா மிச்சமிருக்கிற பெட்டி அத்தனையும் வீண்.

ஆனா பெரிய செலவு அச்சுல இல்ல. அதைக் கணக்குப் போட்டப்போதான் எனக்கே புரிஞ்சது.

கூரியர்ல எடையை ரெண்டு விதமா பாப்பாங்க. ஒண்ணு தராசு காட்டுற எடை. இன்னொண்ணு பெட்டி அடைக்கிற இடத்துக்கான எடை, அதாவது கன அளவு எடை. சென்டிமீட்டர்ல நீளம் × அகலம் × உயரம், அதை 5000 ஆல் வகுத்தா கிலோ வரும் (சில கூரியர்ல வகுக்கிற எண் வேற). ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. அதுவும் 500 கிராம் படிகளா: 500 தாண்டினா அடுத்த படி ஒரு கிலோ.

கொட்டேஷன்ல இருந்த பெட்டி வெளிஅளவு 22 × 16 × 8. பெருக்கினா 2816, வகுத்தா 0.563 கிலோ. உள்ள இருக்கிற சோப்பு வெறும் 300 கிராம். ஆனா காசு ஒரு கிலோவுக்கு. எங்க ஊர்ல அரைக்கிலோ படி 50 ரூபாய், ஒரு கிலோ படி 85. ஆக, பெட்டிக்குள்ள இருக்கிற காத்துக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் 35 ரூபாய் குடுக்கணும்.

அந்தக் காத்தை அடைக்கத்தான் ஃபில்லர். "பிளாஸ்டிக் வேணாம், இயற்கையா ஏதாவது போடலாம்"னு அக்கா ரெண்டு மூணு வாங்கிப் பாத்திருந்தா. சோளமாவு ஸ்டார்ச்ல செஞ்ச உருண்டை தண்ணியில கரையும், நல்லதுதான். ஆனா கையால செஞ்ச சோப்புல கிளிசரின் அப்படியே இருக்கும், அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து சோப்பு லேசா வேர்க்கும். அந்த ஈரத்துல ஸ்டார்ச் உருண்டை சோப்போட ஒட்டிக்கிச்சு. பழைய நியூஸ்பேப்பரை நறுக்கிப் போட்டா, மை சோப்புல ஏறும். தட்டையா நறுக்கின காகிதம் போற வழியில குலுங்கி அடியில படிஞ்சும் போயிடும். மடிப்பு மடிப்பா சுருட்டி நறுக்கின காகிதம் ஸ்பிரிங் மாதிரி நிக்கும், அதுதான் பரவாயில்லை. ஆனா ஆர்டருக்கு 12 ரூபாய்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. ஃபில்லரை அமுக்கித் திணிச்சா பெட்டி உப்பும், கூரியர்ல அளக்குறது உப்பின உயரத்தைத்தான். 20 × 15 × 8 பெட்டின்னா 0.48 கிலோ, அரைக்கிலோ படிக்குள்ள இருக்கும். மூடி ஒரு சென்டிமீட்டர் உப்பினா 0.54. அடுத்த படிக்குப் போயாச்சு.

அப்புறம்தான் ஒரு அடிப்படைக் கேள்வி வந்துச்சு. சோப்புக்கு ஃபில்லர் எதுக்கு? ஃபில்லர் ரெண்டு வேலை செய்யும்: அடியைத் தாங்கும், பொருள் ஆடாம பிடிக்கும். கண்ணாடி பாட்டிலுக்கு ரெண்டும் வேணும். சோப்பு உடையாது, ஆடினா மட்டும் முனை மழுங்கும். ஆடாம இருக்க இடமே இல்லாத பெட்டி போதும்.

மூணு சோப்பை வரிசையா படுக்க வச்சா 16.5 × 8 × 2.5. அதுக்குக் கடையில ரெடியா கிடைச்ச சாதா பழுப்பு அட்டைப் பெட்டி, வெளிஅளவு 18 × 10 × 4, ஒண்ணு 7 ரூபாய். கன அளவு எடை 0.144 கிலோதான், தராசு எடையும் 400 கிராமைத் தாண்டல. மிச்ச இடத்துக்கு ஒரு பழுப்புத் தாளை மடிச்சு வச்சா சரி.

"அப்போ பேரு?"ன்னா அக்கா. பேரைப் பெட்டியிலிருந்து சோப்புக்கு மாத்தினோம். ஒரு ஏ4 தாள்ல 5 சென்டிமீட்டர் அகலத்துல அஞ்சு பட்டை வெட்டலாம். சோப்பைச் சுத்த 16 சென்டிமீட்டர் போதும், பட்டை 21 இருக்கு, ஒட்டவும் இடம் மிஞ்சும். கலர் பிரிண்ட் தாளுக்கு 10 ரூபாய், பட்டைக்கு 2. இருபது வேணும்னாலும் அதே விலைதான். பெட்டி குப்பைக்குப் போனாலும் பட்டை சோப்போட குளியலறை வரைக்கும் போகும்.

இப்போ முழுக் கணக்கு. ஆர்டர் 270 ரூபாய், பொருள் செலவு 115. அச்சடிச்ச பெட்டி வழியில கூரியர் 85, பெட்டி 21.50, ஃபில்லர் 12, டிஷ்யூ தாளும் ஸ்டிக்கரும் 6. மிச்சம் 30.50. அதுவும் ஆயிரம் பெட்டி எடுத்தா. நூறு எடுத்தா ஆர்டருக்கு 19 ரூபாய் நஷ்டம். சின்னப் பெட்டி வழியில கூரியர் 50, பெட்டி 7, பட்டை 6, காகித டேப் 3. மிச்சம் 89. ரெண்டுக்கும் நடுவுல 58.50 வித்தியாசம், அதுல 35 கூரியர்தான்.

ஃபில்லர் இல்லாம தாங்குமான்னு சந்தேகம் இருந்தது. பார்சல் சோதனைக்கு ஐ.எஸ்.டி.ஏ. 1ஏ-ன்னு ஒரு முறை இருக்கு. லேசான பார்சலை 76 சென்டிமீட்டர் உயரத்துலருந்து பத்து தடவை போடணும்: ஒரு மூலை, மூணு விளிம்பு, ஆறு முகம். சாப்பாட்டு மேஜை உயரம் ஏறக்குறைய அதேதான். போட்டோம். பெட்டி மூலை நசுங்குச்சு, சோப்பு முனை அப்படியே இருந்தது. காதுகிட்ட வச்சு ஆட்டினா சத்தமும் இல்ல.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. கண்ணாடி, பீங்கான் அனுப்புறவங்க ஃபில்லரைக் குறைக்கக் கூடாது. மாசம் நூத்தம்பது ஆர்டர் வந்தா ஆயிரம் பெட்டி ஏழு மாசத்துக்குள்ள தீரும், அப்போ அச்சுச் செலவு நியாயம்தான். அப்பவும் டை வெட்டச் சொல்றது இந்த 18 × 10 × 4 அளவுக்குத்தான். பளபளப்புக்கு மேல பிளாஸ்டிக் படலம் ஒட்டவும் கூடாது, ஒட்டினா அந்த அட்டையை மறுசுழற்சி பண்றது கஷ்டம். அக்கா கொட்டேஷனைக் கிழிக்கல. மேல பென்சில்ல "150 ஆர்டர்"னு எழுதி வச்சிருக்கா.