பிஸ்கட் டீயில உடையுமா பாஸ்?

'ஹாய் சார், உங்க பிராண்ட் சூப்பர். கொலாப் பண்ணலாமா?' இப்படி மெசேஜ் தட்டிவிட்டு பதிலுக்காகக் காத்திருக்கிற ஆளா நீங்க? அந்த ஓனர் இடத்துல இருந்து கொஞ்சம் யோசிங்க. மாவு, ஜி.எஸ்.டி., டெலிவரின்னு ஆயிரம் தலைவலி அவருக்கு. நீங்க என்ன செய்வீங்க, எவ்வளவு கேப்பீங்கன்னு அவரா வந்து விசாரிக்கணுமா?

ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ராகி பிஸ்கட் கம்பெனிக்கு நான் அனுப்பினது வேற மாதிரி. முதல் வரியிலேயே ஐடியா: 'ராத்திரி பதினோரு மணி, ஹாஸ்டல்ல பசி. உங்க பிஸ்கட் சூடான டீயில எத்தனை செகண்ட் தாங்குதுன்னு ஒரு போட்டி. 40 செகண்ட் வீடியோ.'

அடுத்து, என் வீடியோவைப் பாக்குறவங்க யாரு? 6,200 ஃபாலோயர்ஸ்ங்கிறதை ஓரமா ஒரு வரியில சொன்னேன். கடைசி 10 வீடியோவுல ஒண்ணு மட்டும் 61,000 வியூஸ். மத்ததெல்லாம் 2,800-ஐ ஒட்டித்தான். சராசரி போட்டா எட்டாயிரத்துச் சொச்சம் வரும், கேக்க ஜோரா இருக்கும். ஆனா அடுத்த வீடியோ 2,800-ல நின்னா ஓனர் முகத்துல எப்படி முழிக்கிறது? அதனால நடு எண்ணான 2,800-ஐத்தான் எழுதினேன். பாக்குறவங்கள்ல பாதிக்கு மேல கோவை, திருப்பூர், ஈரோடு. இன்ஸ்டா இன்சைட்ஸ் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேத்து அனுப்பினேன். அவர் பிஸ்கட் கிடைக்கிறதே அந்த மூணு ஊர்லதான். சென்னையில லட்சம் பேர் பாத்து அவருக்கு என்ன லாபம், சொல்லுங்க?

ரேட்டுக்கு ஃபாலோயர் கணக்கே வேண்டாம். ஸ்க்ரிப்ட், ஷூட்டிங், எடிட்டிங், ஒரு தடவை திருத்தம், எல்லாம் சேத்து 10 மணி நேரம். மணிக்கு 200 ரூபாய்னா 2,000. பஸ், டீச் செலவு 300. அந்த வீடியோவை அவரே காசு கட்டி விளம்பரமா 30 நாள் ஓட்டணும்னா தனியா 700. ஆக 3,000, பாதி அட்வான்ஸ். இந்த 700-ஐ நிறைய பேர் எழுதுறதே இல்ல. அப்புறம் நம்ம மூஞ்சி வருஷக்கணக்கா அவங்க விளம்பரத்துல ஓடும்!

கீழே ரெண்டு வரி. 'வியூஸுக்கு கேரண்டி இல்ல, வேலைக்கு உண்டு.' அப்புறம், 'பெய்டு பார்ட்னர்ஷிப் லேபிள் கட்டாயம் போடுவேன்.' காசு வாங்கினா பளிச்சுனு சொல்லணும்ங்கிறது விளம்பரத் தர கவுன்சில் 2021-ல கொண்டுவந்த விதி. அதை மறைக்கச் சொல்ற கம்பெனின்னா இந்த வரியிலேயே தெரிஞ்சிடும்.

பதில் வந்துச்சு. "தம்பி, 1,500-ம் ரெண்டு பாக்ஸ் பிஸ்கட்டும் தர்றேன்."

பிஸ்கட்டை வெச்சு எடிட்டிங்குக்கு ரீசார்ஜ் பண்ண முடியாதே! ஆனா மணிக்கு 200-ஐ நான் குறைக்கல, வேலையைக் குறைச்சேன். 20 செகண்ட், ஒரே ஷாட், விளம்பர உரிமை கிடையாது. 6 மணி நேரத்துக்கு 1,200, செலவு 300. சரியா 1,500.

"சரிப்பா, முதல்ல சின்னதா பண்ணு. பிஸ்கட் உடையலைன்னா பெருசு பாக்கலாம்"னாரு.

பதினாலு செகண்ட் தாங்குச்சு மக்களே!