அப்பாயியைப் பற்றி இரண்டு பக்கம்

தெல்தோட்டையில் எங்கள் வீட்டுக்காரர் எல்லோருக்கும் மருந்து கொடுத்துவந்த டொக்டர் போன வருஷம் ஓய்வுபெற்றார். அவருடைய டிஸ்பென்சரிக்கு ஒரு இளம் டொக்டரம்மா வருவதாக முடிவானதும், நீண்டகால வருத்தம் உள்ள சிலருக்கு மட்டும் ஆளுக்கொரு கடிதம் எழுதினார். உறையை ஒட்டவில்லை. அவரவர் கையிலேயே கொடுத்தார். எங்கள் அப்பாயிக்குக் கிடைத்தது இரண்டு பக்கம், இங்கிலீஷில், நல்லவேளையாக வாசிக்கக்கூடிய கையெழுத்தில்.

"என்னையப் பத்தி என்னா எழுதியிருக்காருன்னு வாசிங்க புள்ளைங்களா" என்றார் அப்பாயி. அக்கா, நான், தம்பி மூவரும் சேர்ந்து வாசித்தோம், தெரியாத சொற்களைத் தேடினோம், தமிழில் சொன்னோம். இதை எழுதவும் அப்பாயியிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

இப்படி ஒரு கடிதம் நம்ம ஊரில் ஏன் தேவைப்படுகிறது என்றால், இங்கே யாரும் எந்த டொக்டரிடமும் பதிந்திருப்பதில்லை. இங்கிலாந்தில் ஒருவர் ஒரு குடும்ப டொக்டரிடம் பதிவாகிறார்; இடம் மாறினால் பழைய பதிவுகளும் புது டொக்டரிடம் போகும். நமக்கு அரசாங்க கிளினிக் என்றால் கையில் ஒரு கொப்பி. பிரைவேட் டிஸ்பென்சரி என்றால் பெரும்பாலும் டொக்டரின் ஞாபகம். கொப்பியில் மருந்தின் பெயர், பிரஷர் எத்தனை, அடுத்த திகதி என்ன என்பது இருக்கும். அந்த மருந்தை ஏன் கொடுத்தார்கள், இன்னொன்றை ஏன் நிறுத்தினார்கள் என்பது இருக்காது. டொக்டர் போனால் அந்த 'ஏன்' எல்லாம் அவரோடு போய்விடும்.

கடிதம் வருத்தங்களின் பட்டியலோடு தொடங்கும் என்று நினைத்தோம். பட்டியல் இருந்தது, நாலே வரி: 71 வயது, ஓய்வுபெற்ற கொழுந்து பறிக்கும் தொழிலாளி, 2006 முதல் சீனி, பிரஷர், கிட்னியின் வேலை குறைந்திருக்கிறது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆனால் அதற்கு மேலே, முதல் வரியாக இருந்தது இது: எப்படி இருக்கிறீர்கள் என்று இவரிடம் கேட்டுப் பயனில்லை, எப்போதும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும்போது எத்தனை தடவை உட்கார்ந்தார் என்று கேளுங்கள். இரண்டு தடவை என்றால் வழக்கம். நாலு என்றால் இரத்தச்சோகையையும் இதயத்தையும் பாருங்கள்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் படிகளில் அப்பாயியோடு எத்தனையோ தரம் ஏறியிருக்கிறோம், உட்கார்ந்தால் நாங்களும் உட்காருவோம். அதை எண்ணிப் பார்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை.

அடுத்த பந்தி சீனியைப் பற்றியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை அப்பாயிக்கு 7.8 வந்திருந்தது. பொதுவாக 7க்குக் கீழே கொண்டுவரத்தான் பார்ப்பார்கள். புதிதாக வரும் டொக்டர் 7.8ஐப் பார்த்தால் இன்னொரு மாத்திரை சேர்ப்பது இயல்பு. அதனால்தான் இவர் எழுதியிருக்கிறார்: 8க்குக் கீழே இருந்தால் போதும், இறக்க முயல வேண்டாம். காரணம் 2012இல் நடந்தது.

அப்போது அப்பாயிக்குக் காலையில் கிளிபென்கிளமைட் என்ற மாத்திரை. அது கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கும். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அன்று வெள்ளிக்கிழமை. அப்பாயி விரதம், ஆனால் மாத்திரையை விடக்கூடாது என்று போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். பத்து மணியளவில் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, கூடையோடு சரிந்தார். சிலர் பிரஷர் என்றார்கள், சிலர் வேறு மாதிரியும் பேசினார்கள். ஒரு அக்கா மட்டும் பிளேன்டீக்குக் கொண்டுவந்த சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. இந்த மாத்திரையின் வேலை ஒரு நாள் வரை நீளும் என்பதால் அன்று பின்னேரம் திரும்பவும் சீனி இறங்கியது. கிட்னி பலவீனமானவர்களின் உடம்பில் அது இன்னும் அதிக நேரம் தங்கும். ஆகவே கடிதத்தில் கோடிட்டு ஒரு வரி: இந்த மாத்திரை மறுபடி வேண்டாம், விரதத்தை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம், நிறுத்த மாட்டார், உங்களிடம் சொல்லாமல் இருப்பார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அப்பாயி சிரித்துவிட்டார். "மனுஷன் சரியாத்தான் எழுதியிருக்காரு."

கிட்னி பற்றிய பகுதிதான் ஆக நீளம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் கிரியற்றினின் அளவு 2019இல் 1.1. 2021இல் ஒரே வாரத்தில் 2.1. பிறகு இறங்கி 1.4இல் நின்றது, இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. அவருடைய வயதுக்கு 1.4 என்றால் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 40, மூன்றாம் கட்டத்தின் பின்பாதி. புது டொக்டர் 1.4ஐக் கண்டு பதறவேண்டியதில்லை, 1.7 என்று வந்தால் காத்திருக்கவும் கூடாது. ஒற்றை இலக்கத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது, பழைய இலக்கங்களை வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும்.

2021இல் நடந்ததை எங்களுக்கு நாங்களே விளங்கப்படுத்திக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தோம். கிட்னியை நம்ம பீலித் தண்ணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் ஊற்று, அங்கிருந்து குழாய், இடையில் ஒரு சின்னத் தொட்டி, தொட்டியிலிருந்து வெளியே போகிற குழாய். தொட்டியில் அழுத்தம் இருந்தால்தான் வடிகட்டல் நடக்கும். அப்பாயிக்குப் பிரஷருக்காக இரண்டு மருந்து. லொசார்டன் வெளியே போகிற குழாயை அகலமாக்கும்; நீண்டகாலத்துக்கு அது கிட்னிக்கு நல்லதுதான். இன்னொன்று சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரைக் குறைக்கும் மாத்திரை, அதாவது ஊற்றே கொஞ்சம் குறையும். இவ்வளவையும் கிட்னி சமாளித்துவிடும். அந்த வாரம் முழங்கால் வலி தாங்காமல் அப்பாயி வேறொரு இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு, ஐந்து நாளைக்கு டைக்ளோபெனக் மாத்திரையும் வாங்கிவந்தார். அந்த வகை வலி மருந்து உள்ளே வருகிற குழாயைச் சுருக்கும். கூடவே இரண்டு நாள் வயிற்றோட்டம் வேறு. ஊற்று வற்றி, வரும் வழி சுருங்கி, போகும் வழி திறந்தபடி. தொட்டியில் அழுத்தம் எங்கிருந்து வரும்?

பயமான விஷயம், வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. வலி குறைந்ததால் அப்பாயி நிம்மதியாகத்தான் இருந்தார். சிறுநீர் குறைந்ததும், சாப்பாடு பிடிக்காமல் போனதும், கால் வீங்கியதும் பிறகுதான். கண்டி பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார்.

அதனால் கடிதம் சொல்கிறது: ஊசியாகவோ மாத்திரையாகவோ இந்த வலி மருந்துகள் வேண்டாம். வலிக்குப் பரசிட்டமோல், சுடுநீர் ஒத்தடம். சித்தாலேப பூசுவதைத் தடுக்கவேண்டாம். வயிற்றோட்டம், வாந்தி வந்தால் பிரஷர் மாத்திரை இரண்டையும், சீனிக்கான மெட்போர்மினையும் நிறுத்திவிட்டு, ஒழுங்காகக் குடிக்கவும் சாப்பிடவும் தொடங்கிய பிறகு திரும்பப் போடச் சொல்லியிருக்கிறேன். இவருக்கு அது தெரியும். ஆனால் மாத்திரையை நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறார். பாமசியில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் குழம்பிவிடும். மாறும் ஒவ்வொரு தடவையும் மாத்திரையை அவர் கையில் வைத்துக் காட்டுங்கள்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வெட்டு இருந்தது. முதலில் எழுதியிருந்தது: கண்ணின் பின்பக்கத்தைப் பரிசோதிக்கக் கண்டிக்குப் போக மறுக்கிறார். 'மறுக்கிறார்' என்பதை வெட்டி, மேலே வேறு மையில்: தனியாகப் போக முடியாது. பக்கத்தில் டொக்டரின் சிறு கையொப்பம்.

கொடுப்பதற்கு முன்னர் டொக்டர் கடிதம் முழுவதையும் அப்பாயிக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அப்போது அப்பாயி சொன்னாராம், "மாட்டேன்னு நான் எப்பய்யா சொன்னேன்?" அந்தப் பரிசோதனைக்குக் கண்ணில் மருந்து விட்டுக் கருமணியை விரியவைப்பார்கள். பிறகு சில மணிநேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அந்தக் கண்ணோடு பஸ் போர்டை வாசித்து, கலஹா ரோட்டு வளைவுகளில் நின்றபடியே வந்து, இருட்டுவதற்குள் லயத்துக்கு ஏறவேண்டும். அப்பாவுக்கு லீவு கிடைக்காது. நாங்கள் மூவரும் அப்போது படிப்பு, வேலை என்று வெளியில். யாரையும் கரைச்சல் படுத்தக்கூடாது என்று அப்பாயி திகதியைத் தவறவிட்டார், கொப்பியில் 'வரவில்லை' என்று விழுந்தது. மூன்று 'வரவில்லை' சேர்ந்தால் ஒரு 'மறுக்கிறார்' ஆகிவிடும் போல. அந்த ஒரு சொல் அப்படியே போயிருந்தால் புது டொக்டர் இனிக் கேட்கவே மாட்டார். 2006இலிருந்து சீனி உள்ளவரின் கண், பார்வை நன்றாக இருக்கும்போதே உள்ளே சேதப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

கடைசிப் பந்தியை வாசிக்கத் தொடங்கியபோது அப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். 2021இல் வார்டில் இருந்தபோது டயலிசிஸ் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். கிட்னி முற்றாகப் போனாலும் தனக்கு அந்த மெஷின் வேண்டாம், வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று அப்போது சொன்னார். இப்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை, ஒருவேளை வராமலே போகலாம். இதை முடிவாக எடுக்கவேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பக் கேளுங்கள். ஒரு தடவை மகன் இல்லாதபோது, ஒரு தடவை மகன் இருக்கும்போது.

அக்கா சொல்லி முடித்ததும் அப்பா, "இதெல்லாம் எதுக்கு எழுதுறாரு?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார் அப்பாயி. "ஒங்கிட்ட சொன்னா நீ அழுவ."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். இரவு சாப்பிடும்போது, மெஷின் என்றால் என்ன, கிழமைக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று எங்களிடம் கேட்டார். கிழமைக்கு இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணிநேரம் அளவில் என்று சொன்னோம். பஸ்ஸில் போய்வரும் நேரத்தை அவரே கூட்டிப் பார்த்துக்கொண்டார். மேலே ஒன்றும் பேசவில்லை.

டொக்டரம்மா வந்த முதல் கிழமையே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நின்றபடி வாசிக்கத் தொடங்கியவர், பாதியில் உட்கார்ந்துவிட்டார். வாசித்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி: "இன்னைக்கு எத்தனை தரம் உட்கார்ந்தீங்க, அம்மா?"

"ரெண்டு" என்றார் அப்பாயி. தம்பி எண்ணியிருந்தான். மூன்று.

கண் கிளினிக்குக்குப் புதுத் திகதி எடுத்தாயிற்று, ஒரு புதன்கிழமை. அக்காவுக்கு அன்று லீவு இல்லை. பேராதனையில் எங்களுக்குக் காலையில் ஒரு விரிவுரை இருக்கிறது, அதை விட்டுவிட்டு அப்பாயியோடு நான் போகிறேன். தம்பி பின்னேரம் ரோட்டில் டோர்ச்சோடு நிற்பான்.