இரு சரணங்கள்

பிள்ளையார்குப்பத்தில் பொங்கல் நன்றித் திருப்பலிக்கென்று, பாடகர் குழுவினர் என்னிடம் ஒரு பாடல் கேட்டனர். முதற் சரணத்தில் கிராமத்தையும், இரண்டாம் சரணத்தில் நகரத்தையும் பாடினேன். கிராமத்திற்கு வரப்பும் வயலும் அன்பும் வாய்த்தன. நகரத்திற்குப் புகையும் பொய்யுமே எஞ்சின. இரண்டுக்கும் நடுவே "ஆனால்" என்றொரு சொல்லையும் வைத்திருந்தேன்.

ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய், பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்தார். "சாமி, எம் புள்ள சென்னையில இருக்கான். அவன் அனுப்புற பணத்துலதான் அடுப்பு எரியுது. அப்ப அவன் கெட்ட எடத்துலயா இருக்கான்?" என்றார். எனக்கு விடை கூறத் தெரியவில்லை.

அன்றிரவு வீரமாமுனிவரின் தேம்பாவணியைப் புரட்டினேன். புனித சூசையப்பரைப் பாடும் அக்காப்பியம் நாட்டுப் படலத்தில் தொடங்கி, அடுத்தே நகரப் படலத்துக்குச் செல்கிறது. யூதேயாவின் வளமும் எருசலேமின் சிறப்பும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்தவில்லை. கம்பர் முதலியோர் கைக்கொண்ட அக்காப்பிய மரபை இத்தாலியிலிருந்து வந்த அத்துறவியும் ஏற்றுக்கொண்டார். குருமடத்தில் படித்தபோது இதை வெறும் இலக்கணமாகவே எண்ணியிருந்தேன்.

ஆனால் காப்பியம் இரண்டையும் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடலாம். நம் பாட்டோ இரண்டின் துன்பத்தையும் அறிந்திருக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு சரணத்துக்கும் இரண்டு நன்மை, ஒரு துயரம், ஒரு கேள்வி என அளந்து வைத்தேன்.

ஏரி நிறைந்தால் நெல்விளையும்
எதிரே வருவோர் பெயர்சொல்வார்
மாரி பொய்த்தால் கடன்வளரும்
மண்ணை விட்டெங்கே நாம்போவோம்?

மாதம் பிறந்தால் கூலிவரும்
மகவு படிக்கப் பள்ளியுண்டு
வாதை வந்தால் அறைக்குள்ளே
வாசலைத் தட்ட யார்வருவார்?

"ஆனால்" என்ற சொல்லை நீக்கினேன். பல்லவியில் எப்பக்கமும் சாயாமல், இரு வாசலிலும் இறைவன் விளக்கேற்ற வேண்டும் என்ற மன்றாட்டு மட்டும் நின்றது. பிறகு சரணங்களை இடம் மாற்றிப் பாடச் சொன்னேன். முதலில் எழுதிய பாட்டை அவ்வாறு மாற்றினால் கருத்தே கெட்டுப்போகும்; இதுவோ கெடவில்லை. தராசு சமமாயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். எனினும் கடைசியில் ஒலிப்பதே காதில் தங்கும். அக்குறையைச் சொற்களால் தீர்க்க இயலாது. எனவே திருப்பலியில் கிராமத்தை முதலிலும், மாலைக் கூட்டத்தில் நகரத்தை முதலிலும் பாடினோம்.

விவிலியமும் ஒரு தோட்டத்தில் தொடங்கி ஒரு நகரில் நிறைவுறுகின்றது. நாசரேத்தூரில் வளர்ந்த நம் ஆண்டவர் எருசலேமைக் கண்டு அழுதார். அதை வெறுத்து ஒதுக்கவில்லை.

திருப்பலி முடிந்ததும் அத்தாய் பாட்டை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். "இரண்டாவதை மட்டுமா, அம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டையும் எழுதுங்க, சாமி. அவனுக்கு ரெண்டும் வேணும்" என்றார்.